பானெட் மேல் ஒரு ஃபிளாஸ்க்

அந்த ஸ்டுடியோவில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நிழலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். முதலாளி அவளைவிட ஆறு வயது மூத்தவர். அவருக்கும் அவள் நிழலக்காதான். கேலிக்கு வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. போனை எடுத்தால் "நிழலக்கா பேசறேன்" என்று அவளே சொல்லுமளவுக்கு வந்துவிட்டது.

வேலை இதுதான். கடைக்காரர்கள் சென்ட் பாட்டில், கெட்டில், கைக்கடிகாரம் என்று எதையாவது கொண்டுவந்து கொடுப்பார்கள். அதை வெள்ளைத் துணிக்கு முன்னால் வைத்துப் படம் எடுத்து, பொருளை மட்டும் கம்ப்யூட்டரில் வெட்டி, வேறு எங்கோ எடுத்த பளபள மேஜையின் படத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். வெட்டி ஒட்டுவதை யார் வேண்டுமானாலும் செய்துவிடுவார்கள். ஒட்டிய பொருள் அங்கே உட்கார வேண்டாமா? அது அந்தரத்தில் தொங்கிக்கொண்டு பார்க்கிறவனைப் பார்த்துப் பல்லிளிக்கும். அதை உட்கார வைக்கத்தான் நிழலக்கா.

பக்கத்து நாற்காலியில் ஒரு தாடிக்காரர். கைவேகம் உண்டு, பொறுமை கிடையாது. அன்று ஒரு காபிக் கோப்பையைக் கறுப்புக் கண்ணாடி மேஜையில் வைத்திருந்தார். கோப்பையின் படத்தை அப்படியே தலைகீழாகத் திருப்பி அடியில் ஒட்டி, கொஞ்சம் மங்கலாக்கி, வேலை முடிந்தது என்று சோம்பல் முறித்தார்.

"என்னக்கா அப்படிப் பாக்கறீங்க? அச்சு அசலா திருப்பிப் போட்டிருக்கேனே."

"அதான்ப்பா குறை. கோப்பையை நீ மேலேருந்து பாக்கறே. வாய் தெரியுது, உள்ளே காபி தெரியுது. மேஜை எங்கேருந்து பாக்குது?"

"மேஜையா? அது... கீழேருந்து."

"கீழேருந்து பாத்தா காபி தெரியுமா?"

"தெரியாது."

"உன் மேஜைக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது? எட்டிப் பாத்துச்சா?"

தாடிக்காரர் தாடியைச் சொறிந்தார். பிறகு இருவரும் கோப்பையை உயரமான ஸ்டாண்டில் ஏற்றி, கேமராவைத் தாழ்த்தி, அடிப்பக்கம் தெரிகிற மாதிரி இன்னொரு படம் எடுத்து, அதைத் திருப்பிப் போட்டார்கள். கோப்பை மேஜையில் உட்கார்ந்தது. அதுவரை அது உட்காரவில்லை என்பதே அப்போதுதான் தாடிக்காரருக்குத் தெரிந்தது.

இந்த விஷயத்தில் அவளுக்கு ஈவு இரக்கம் கிடையாது. நிழல் வேறு, பிம்பம் வேறு என்று தலையில் அடித்துக்கொள்வாள். நிழல் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடும். பிம்பம் எங்கேயும் ஓடாது, பொருளின் காலடியிலேயே கிடக்கும். பொருள் மேஜையைத் தொடுகிற இடத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு கறுப்பு வேண்டும்; அது விலக விலக இளக வேண்டும். கறுப்பு மேஜையில் நிழலைத் தேடக் கூடாது, அங்கே பிம்பத்தின் ராஜ்யம். வெள்ளை மேஜையில் நிழல் பேசும், பிம்பம் முணுமுணுக்கும். இதையெல்லாம் அவள் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான்.

பார்ப்பதென்றால் சாதாரணப் பார்வையா அது! பஸ்ஸில் வருகிறபோது பக்கத்தில் நிற்கிற காரின் கூரையில் மரக்கிளைகள் வழுக்கிக்கொண்டு போவதைப் பார்ப்பாள். இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விடும். மழை பெய்து ஓய்ந்த தெருவில் ஒரு சிவப்புக் குடை போனால், மேலே போகிற குடையை விட்டுவிட்டுக் கீழே போகிற குடையின் பின்னாலேயே இரண்டு கடை தூரம் நடப்பாள். மத்தியான வெயிலில் வங்கியின் கிரானைட் தரையில் வரிசையாக நிற்கிறவர்களெல்லாம் கால்களுக்குக் கீழே இன்னொரு வரிசையாக, சத்தமில்லாமல், யாரும் யாரையும் இடிக்காமல் நிற்பது அவளுக்குத் தெரியும். கவுன்ட்டரில் அவள் நம்பரை மூன்று தடவை கூப்பிட்டிருப்பார்கள். "எந்த உலகத்துலம்மா இருக்கீங்க?" என்று காசாளர் கேட்டால், உண்மையைச் சொல்ல முடியுமா?

வீட்டில் அவளும் அம்மாவும் மட்டும். அப்பா போய்ப் பத்து மாதம். வாடகைக் கார் ஓட்டி வாழ்ந்த மனிதர். வாய் ஓயாமல் பேசுவார், சிரிப்பார். ஆனால் கேமராவைக் கண்டால் மட்டும் லைசென்ஸ் படத்துக்கு நிற்கிற மாதிரி விறைத்துவிடுவார். அவர் சிரிக்கிற படம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

அவர் முதன்முதலாகச் சொந்தமாகக் கார் வாங்கிய நாளில் எடுத்தது அது. கறுப்புக் கார். அவர் இடப்பக்கம் நின்று, ஒரு கையை பானெட்டில் ஊன்றி, கழுத்தைச் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார். உள்ளங்கை அகலப் படம். அப்போது அவளுக்கு ஒன்பது வயது, பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

ஸ்டுடியோ வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் அவள் அந்தப் படத்தைத்தான் ஸ்கேன் செய்தாள். தூசி, கீறல், பானெட்டில் இருந்த அழுக்கு எல்லாவற்றையும் துடைத்து, பெரிதாக்கி, ஃபிரேம் போட்டுக் கொண்டுவந்து அப்பா கையில் கொடுத்தாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஷோரூம்ல கூட இப்படி மின்னலடி!" என்றார். அம்மா படத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். அப்புறம், "இதைச் சுவத்துல மாட்ட வேணாம்" என்றாள்.

ஏன், எதற்கு என்று கேட்டால் பதில் கிடையாது. அம்மா வேணாம் என்றால் வேணாம்தான். தலைகீழாக நின்றாலும் மாறாது. அப்பாவும் விட்டுவிட்டார். ஃபிரேம் பீரோவுக்குப் பின்னால் போய் இருபத்தாறு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நிழலக்கா தானாகவே ஒரு காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அந்த நாளின் கதையை அம்மா எப்போதோ சொல்லியிருக்கிறாள். புதுக் கார் வந்துவிட்டதென்று ஃபிளாஸ்க்கில் டீ எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்தே போனாளாம். போனதும் ஃபிளாஸ்க்கை பானெட்டின் மேல் வைத்தாளாம். "அதை எடும்மா, நீயும் கொஞ்சம் ஒதுங்கி நில்லு, கார் முழுசா வரணும்" என்று போட்டோகிராபர் சொன்னாராம். அப்பாவும், "ஆமா, ஒதுங்கேன்" என்றாராம். இது போதாதா? ஒதுக்கினார்கள், அம்மாவுக்குக் கோபம். கணக்கு சரியாக வந்தது. அப்பாவின் மேல் உள்ள கோபத்தை ஒரு படத்தின் மேல் எத்தனை வருஷம் காட்டுவாள் என்று மகளுக்கு அம்மாவின் மேல் கோபம்.

அப்பா போன பிறகு அந்தக் கோபம் இன்னும் ஏறியது. சுவர் காலி. துக்கம் கேட்க வருகிறவர்கள் எல்லாம் சுவரைத்தான் முதலில் பார்த்தார்கள். அவளுக்கும் காலையில் எழுந்ததும் பார்க்க ஒரு முகம் வேண்டியிருந்தது. லைசென்ஸ் முகம் வேண்டாம், அந்தச் சிரித்த முகம் வேண்டும். அது வீட்டிலேயே இருக்கிறது, பீரோவுக்குப் பின்னால் தூசி தின்கிறது. ஒருநாள் சாயங்காலம் வாய்விட்டே கேட்டுவிட்டாள்.

"அம்மா, செத்தவர் மேல என்னம்மா கோவம்? அப்பா படத்தை மாட்டிக்கவா?"

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பு நிற்கவில்லை.

"எனக்கு அவர் மேல என்ன கோவம்?"

"அப்ப மாட்டலாமா?"

அம்மா கையிலிருந்த புடவையை மடித்து முடித்தாள். பிறகு, "நீதான் இல்லாததை இருக்கற மாதிரி வைக்கறவளாச்சே. என் ஃபிளாஸ்க்க அந்த பானெட்ல வெச்சுக் குடு. மாட்டிக்கலாம்" என்றாள்.

இவ்வளவுதானா! நிழலக்காவுக்கு உள்ளே குதித்தது. ஃபிளாஸ்க் சமையலறை மேல்தட்டிலேயே இருந்தது. சிவப்பு உடம்பு, வெள்ளை மூடி, மூடியில் ஒரு நசுங்கல். மறுநாள் அதைப் பையில் போட்டு ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனாள். "என்னக்கா, வீட்டுச் சாமானுக்கும் விளம்பரமா?" என்றார் முதலாளி. "ஆமா, என் அப்பாவுக்கு விளம்பரம்" என்றாள்.

முதலாளியின் கார் கறுப்பு. அதன் பானெட்டில் மெத்தென்று ஒரு துணியை விரித்து, ஃபிளாஸ்க்கை வைத்து, துணியை மெல்ல உருவிவிட்டு, அது எப்படி நிற்கிறது என்று பார்த்தாள். முதலாளி ஜன்னலிலிருந்து, "கீறல் விழுந்தா உங்களையே வெச்சு டச்சப் பண்ணிடுவேன்" என்று கத்தினார். அவளுக்கு எதுவும் காதில் விழவில்லை. பானெட் சரிவு, அதனால் ஃபிளாஸ்க் நேராக நிற்காது, முன்னால் ஒரு துளி சாயும். பிம்பம் வளைவில் இழுபட்டு நீளும். கறுப்பு பெயின்ட்டில் முழுக்க வானம் நிறைந்திருக்கிறது. ஃபிளாஸ்க் வானத்தை மறைக்கிற இடத்தில்தான் அதன் பிம்பம் இருட்டாக, நடுவில் சிவப்பாக விழுகிறது. அரைமணி நேரம் காரைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

ஃபிரேமிலிருந்த பெரிய படத்தை ஸ்கேன் செய்து, அன்று முழுக்க உட்கார்ந்து வேலை பார்த்தாள். அப்பாவின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கமே ஃபிளாஸ்க்கின் நிழலும். தொடுகிற இடத்தில் மெல்லிய கறுப்பு. பழைய படத்தின் மணல்மணலான சொரசொரப்பை ஃபிளாஸ்க்கின் மேலும் தூவினாள். அப்பாவின் கைக்கு நாலு விரல் தள்ளி வைத்தாள், டீ குடிக்க எட்டுகிற தூரம். தாடிக்காரர் எட்டிப் பார்த்து, "அக்கா, சத்தியமா சூடு பறக்குது" என்றார்.

சாயங்காலம் பிரின்ட்டை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் இங்க வைக்கலியே."

"எங்க வெச்சே?"

"அந்தப் பக்கம். விளக்குகிட்ட, ஓரமா. அங்கதான் வெச்சேன், அப்புறம் எடுத்துக்கிட்டு அந்தப் பக்கமாவே ஒதுங்கி நின்னேன். நீ அந்த இடத்தை நல்லாப் பாத்து வை."

நல்லாப் பாத்து வை. வயசானவர்களின் நச்சரிப்பு என்று நினைத்துக்கொண்டாள் மகள்.

மறுநாள் காலை வலப்பக்க விளக்கின் மேலே, பானெட் வளைந்து இறங்குகிற ஓரத்தைப் பெரிதாக்கினாள். பெரிதாக்கியதும் கை நின்றுவிட்டது. அந்த இடம் சரியில்லை. பானெட்டின் மற்ற இடமெல்லாம் வானமும் மேகமும் ஏதோ ஒரு கட்டடத்தின் விளிம்புமாக உயிரோடு இருக்க, அந்த ஓரம் மட்டும் வழுவழுவென்று செத்துக் கிடந்தது. பக்கத்து மேகத்தையே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து அப்பியிருக்கிறார்கள். ஒரே மேகத் துணுக்கு மூன்று தடவை வந்தது.

"எவன்யா இந்த அரைகுறை வேலையைப் பாத்தது?" என்று வாய் வரைக்கும் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய அவளேதான். பானெட்டில் ஒரு கறை இருந்தது. இருட்டாக, நீளமாக, நடுவில் ஒரு சிவப்புக் கீறலோடு. புதுக் காரில் இப்படியொரு அசிங்கமா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு ராத்திரியில் அதைத் துடைத்தாள். அதுதான் அவள் செய்த முதல் நுணுக்க வேலை. ரொம்ப நாள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருட்டாக, நீளமாக, நடுவில் சிவப்பு.

முந்தின நாள் முதலாளியின் காரில் அதே நிறத்தைத்தான் அரைமணி நேரம் சுற்றிச் சுற்றிப் பார்த்திருந்தாள்.

அவள் முதலாளியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். பஸ்ஸில் எந்தக் காரின் கூரையையும் பார்க்கவில்லை.

"அம்மா, அந்தச் சின்னப் படம், முதல்ல எடுத்தது, எங்கயாவது இருக்கா?"

அம்மா தேடவில்லை. தலையணைக்கு அடியிலிருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து, துடைக்கிற துணிக்குக் கீழே விரலை விட்டு நேராக எடுத்துக் கொடுத்தாள். படத்தின் ஒரு மூலை தேய்ந்து வெளுத்துப்போயிருந்தது. யாரோ அந்த மூலையைப் பிடித்துத்தான் எப்போதும் பார்த்திருக்கிறார்கள்.

ஸ்டுடியோவுக்குத் திரும்பி, ஸ்கேனர் எவ்வளவு நுணுக்கமாக எடுக்குமோ அவ்வளவு நுணுக்கமாக எடுத்தாள். படம் திரையில் வரிவரியாக இறங்கி வந்தது. வானம், அப்பாவின் தலைமுடி, சிரிப்பு, கை, பானெட். பானெட் நடுவில் கிட்டத்தட்ட தட்டை. ஓரத்தில் அது வளைந்து இறங்கும்போது, படத்துக்கு வெளியே நிற்பதையும் வளைத்து உள்ளே இழுத்துவிடும். அவளுக்குத் தெரியாத விஷயமா இது? எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்திருப்பாள்!

விளக்கின் மேலே அந்தக் கறை இருந்தது. பெரிதாக்கினாள். கறைக்குத் தலை இருந்தது. வெயிலுக்குக் கொஞ்சம் தாழ்த்திய தலை. விரல் கனத்துக்கு ஒடுங்கி நீண்ட உடம்பு, காற்றில் ஒரு பக்கம் பறக்கிற புடவை. இரண்டு கையாலும் எதையோ நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தாள். சிவப்பு. அதன் உச்சியில் அரிசி முனை அளவுக்கு வெள்ளை மூடி.

நிழலக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ மேஜைகளில் இல்லாத பொருளுக்கெல்லாம் பிம்பம் போட்டவள், இருந்த அம்மாவின் பிம்பத்தைத் துணியால் துடைத்த மாதிரி துடைத்துப் போட்டிருக்கிறாள். அதுவும் அழுக்கு என்று நினைத்து. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையென்று சொல்லிச் சிரித்துவிடலாமென்றால், சிரிப்பு வரவில்லை, அழுகை வந்தது. தாடிக்காரர் பயந்துபோய், "என்னக்கா, ஃபைல் போயிடுச்சா?" என்றார். "இல்லப்பா, கிடைச்சுடுச்சு" என்று மூக்கைச் சிந்தினாள்.

அன்று அவள் பார்த்த வேலை மிகவும் கொஞ்சம். கீறலை எடுத்தாள், தூசியை எடுத்தாள். பானெட்டின் ஓரத்தில் கையே வைக்கவில்லை. முந்தின நாள் அப்பாவின் கைப்பக்கம் வைத்த ஃபிளாஸ்க்கையும் தூக்கிவிட்டாள். அதன் பிம்பத்தையும் நிழலையும் மறக்காமல் தூக்கினாள். பெரிதாக பிரின்ட் எடுத்து, பழைய ஃபிரேமிலேயே போட்டாள்.

அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். படத்தை மடியில் வாங்கி வைத்துக்கொண்டாள். அப்பாவின் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு அவள் விரல் தேடாமல் கொள்ளாமல் நேராக வலப்பக்க விளக்குக்குப் போய், அதற்கு மேலே நின்றது.

"ஃபிளாஸ்க்க பானெட்ல வைக்கலியா?" என்றாள். குரலில் சிரிப்பு இருந்தது.

"உன் கையிலதானம்மா இருக்கு."

"ம்."

"உனக்குத் தெரியும். முதல்லேருந்தே தெரியும்."

"தெரியாம என்ன? அப்பதான் காரைத் துடைச்சு வெச்சிருந்தார். எதிர்ல நின்னு அதுல என்னையே பாத்துக்கிட்டிருந்தேன். படம் வந்ததும் முதல்ல அதைத்தான் தேடினேன். இருந்தேன். உங்கப்பாகிட்டயும் காட்டினேன். 'ஒதுங்குன்னா ஒதுங்கறவளா நீ'ன்னு அப்படிச் சிரிச்சார்."

"அப்ப உனக்கு அப்பா மேல கோவமே இல்ல."

"அவர் மேல எதுக்கு? அவர் ஒதுங்கத்தான் சொன்னார். நீதான் என்னைத் துடைச்சே."

அம்மா இதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள், உப்புக் கொஞ்சம் தூக்கல் என்று சொல்கிற மாதிரி. அதுதான் தாங்கவில்லை. நிழலக்கா தரையில் உட்கார்ந்து அம்மாவின் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல? இத்தனை வருஷம்!"

"எப்படிச் சொல்றது? முதல் மாசச் சம்பளத்துல ஃபிரேம் போட்டு, 'எப்படி இருக்கு, எப்படி இருக்கு'ன்னு குதிச்சுக்கிட்டு நின்னே. குறை சொல்ல மனசு வருமா? அப்புறம் நாளாச்சு. நாளானா எதையும் சொல்ல முடியாது. மாட்டாம இருந்தாப் போதும்னு விட்டுட்டேன்."

"நான் துடைச்சதை அப்பாவும் பாக்கலியா?"

"அவருக்கு அவர் கார் மின்னினா போதும்." அம்மா அவள் தலையில் ஒரு குட்டு வைத்தாள், வலிக்காத குட்டு. "போதும், எழுந்திரு. ஆணி எங்க?"

காலிச் சுவரில், வழக்கமாகப் படம் மாட்டுகிற உயரத்தில் பென்சிலால் குறி போட்டாள் மகள். அம்மா பின்னால் வந்து நின்று, ஃபிரேமை அந்தக் குறிக்கு நேராகப் பிடித்துப் பார்த்து, தலையை ஆட்டினாள்.

"இன்னும் கீழ. அவர் உசரமா இருந்தா இருக்கட்டும். நான் நிக்கற இடம் என் கண்ணுக்கு நேரா வரணும்."

மகள் இரண்டு சாண் இறக்கி ஆணி அடித்தாள்.